கடலை மாவு லட்டு உதிர்ந்தால் எங்கே பார்ப்பது, எப்படிச் சரி செய்வது

நம் வீடுகளில் லட்டு என்றால் பூந்தி லட்டு. அதில் பூந்தியைப் பிடித்து வைப்பது பாகு. சௌகார்பேட்டைப் பக்கம் பேசன் லட்டு என்று விற்கும் கடலை மாவு லட்டில் பாகு கிடையாது. மாவை உருண்டையாக நிறுத்தி வைப்பது நெய் மட்டும்தான். அதனால் லட்டு உதிர்ந்ததும் எல்லோரும் நெய் போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை நெய்யின் அளவில் இருக்காது. முதலில் ஊற்றிய நெய்யை மாவு இன்னும் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கும். போதுமான அளவு வறுபட்டால்தான் அதை வெளியே விடும்.

இன்னொரு குழப்பம் மாலாடு செய்து பழகிய கையால் வருவது. மாலாடுக்கு மாவைக் கலந்து வைத்துச் சூடான நெய்யை மேலே ஊற்றிப் பிடித்தால் போதும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது என்பதால் அது நடக்கிறது. கடலை மாவு பச்சைக் கடலைப்பருப்பை அரைத்த மாவு. அதை அரைமணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட நெய்யிலேயே வறுத்தாக வேண்டும்.

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்து: கடலை மாவு 250 கிராம், உருக்கிய நெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 175 முதல் 200 கிராம், நான்கைந்து ஏலக்காய். எலுமிச்சை அளவில் பதினாறு உருண்டை போல வரும். நெய்யில் 100 கிராமை மட்டும் முதலில் ஊற்றுங்கள். மிச்சம் 25 கிராம் ஒரு கிண்ணத்தில் காத்திருக்கட்டும். அது எப்போது தேவை, தேவையா என்பதே பின்னால்தான் தெரியும்.

சரியான நிறம் எது

கோளாறுகளைப் பார்க்கும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசிக் கோளாறு இங்கேதான் பிறக்கிறது.

அடிகனமான கடாயில், அடுப்பைச் சிறு தீயில் வைத்து, சலித்த மாவையும் நெய்யையும் கலந்து கிளற ஆரம்பியுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் மாவு நெய்யைக் குடித்துக் கட்டி கட்டியாக நிற்கும். மஞ்சள் நிறம் பளிச்சென்று கூடும். அது வறுபட்ட நிறம் இல்லை. நெய்யில் நனைந்ததால் வந்த நிறம். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்து எட்டாவது நிமிடத்தில் இறக்கிவிடுகிறார்கள். இந்தக் கட்டத்தில் கரண்டி கனமாக இருக்கும், வாசனையும் பச்சையாக, பஜ்ஜி மாவு கரைக்கும்போது வருகிற மாதிரியே இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் கட்டிகள் உடைய ஆரம்பிக்கும். மாவிலுள்ள ஈரம் ஆவியாகப் போகப் போக, துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். அப்புறம் ஒரு கட்டத்தில் கரண்டி திடீரென்று லேசாகும். மாவு இளகி, கரண்டியைச் சாய்த்தால் வழிந்து இறங்கும். கடாயின் ஓரத்தில் நெய் ஒரு மெல்லிய கோடாகப் பளபளக்கும். பச்சை வாசனை போய்ப் பக்கத்து அறைக்கே எட்டுகிற வறுத்த மணம் வரும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால்தான் மாவு நெய்யைத் திருப்பித் தந்துவிட்டது என்று அர்த்தம். மாவு இளகாமல் வறட்சியாகவே இருந்து, மணம் மட்டும் வந்துவிட்டது என்றால் மட்டும் அந்த மிச்ச நெய்யை ஊற்றுங்கள்.

நிறம், தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலையின் நிறம். மஞ்சள் அடியில் கொஞ்சம் தெரிய, மேலே இளம் பழுப்பு. இதைக் கடாய்க்குள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரும்புக் கடாயிலும் கறுப்பு நான்ஸ்டிக்கிலும் மாவு இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். சமையலறையில் மஞ்சள் பல்பு இருந்தால் எல்லாமே சிவந்துதான் தெரியும். ஒரு வெள்ளைத் தட்டில் பச்சை மாவு ஒரு சிட்டிகை முதலிலேயே வைத்துவிடுங்கள். பதினைந்தாவது நிமிடத்திலிருந்து கடாயிலிருந்து அரை ஸ்பூன் எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பக்கத்தில் வைக்கும்போதுதான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கண்ணுக்குப் புரியும். ஆறவிட்டு நாக்கில் வைத்தும் பார்த்துவிடலாம். பல்லில் மாவாக ஒட்டினால் இன்னும் நேரம் இருக்கிறது.

கடையில் வாங்கும் நைசான மாவுக்கு மொத்தம் இருபது நிமிடம் போல ஆகும், கொரகொரப்பான மாவுக்கு இருபத்தைந்திலிருந்து முப்பது. கடிகாரம் ஒரு துணைக்குத்தான். தீயும் கடாயும் மாறினால் நேரமும் மாறும்.

நிறம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும். அடிகனமான பாத்திரமும் சூடான நெய்யும் அணைத்த பிறகும் நான்கைந்து நிமிடம் வறுத்துக்கொண்டே இருக்கும். அணைத்ததும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரை விரலால் தெளித்துக் கிளறினால் மாவு சளசளவென்று பொங்கி நுரைக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் கிளறி அந்த நுரை முழுதாக அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று பொருள். இப்படிச் செய்தால் லட்டுக்கு மணல் மணலான பதம் வரும், சூடும் கொஞ்சம் இறங்கும். நுரை அடங்காமல் நின்றால் மறுபடி சிறு தீயில் ஒரு நிமிடம் வையுங்கள். ஈரம் தங்கினால் லட்டு சீக்கிரம் கெடும். முடிந்ததும் மாவை உடனே ஒரு தாம்பாளத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பிடிக்கும்போதே உதிர்கிறது

இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சர்க்கரை சேர்த்தாகிவிட்டதா? சேர்க்கவில்லை என்றால் மாவை மறுபடி கடாயில் போடலாம், எதையும் திருத்தலாம். சேர்த்துவிட்டால் அந்த வழி அடைந்துவிட்டது. கடாய்ச் சூட்டில் சர்க்கரை இளகி அடிப்பிடிக்கும், ஆறியதும் மொத்தமும் கல்லாகும்.

பெரம்பூரில் எதிர் வீட்டு அக்கா தீபாவளிக்கு முந்தின நாள் கூப்பிட்டார்.

"எவ்வளவு நெய் ஊத்தினாலும் பிடிக்க வரலம்மா. கையில காய்ஞ்ச மாதிரியே இருக்கு."

"சர்க்கரை போட்டாச்சாக்கா?"

"இன்னும் இல்ல. அதுக்குள்ளதான் உன்னைக் கூப்பிட்டேன்."

போய்ப் பார்த்தால் தட்டில் மாவு நல்ல மஞ்சளாக இருந்தது. 250 கிராம் மாவு, அரை கப் நெய், அதாவது 110 கிராம் போல. எட்டு நிமிடம் வறுத்து இறக்கி, பிடிக்க வரவில்லை என்று மேசைக்கரண்டியால் மூன்று கரண்டி நெய் மேலே ஊற்றியிருந்தார். ஆக மொத்தம் 150 கிராம் நெய். இத்தனைக்கும் ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் களிமண் போலச் சப்பென்று நிற்கிறது, கையை விரித்தால் உள்ளங்கையில் நெய்யின் பளபளப்பே இல்லை. முகர்ந்தால் பச்சை வாசனை. நெய் குறைந்த மாவு இப்படி இருக்காது. அது அழுத்தினாலும் சேராமல் பொலபொலவென்று விரலிடுக்கில் விழும், ஆனால் வாசனை நன்றாக வந்திருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாவைத் திரும்பக் கடாயில் போட்டுச் சிறு தீயில் கிளறினோம். பத்து நிமிடம் போலப் பெரிய மாற்றம் இல்லை. அப்புறம் இளக ஆரம்பித்தது. நிறம் வந்தபோது கிட்டத்தட்ட தோசை மாவு அளவுக்கு ஓடியது, ஏனென்றால் தேவைக்கு மேல் ஊற்றிய அந்த மூன்று கரண்டியும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. "இப்போ என்ன பண்றது?" என்றார் அக்கா. பொட்டுக்கடலை 50 கிராம் எடுத்து நைசாகப் பொடித்துச் சலித்து அதில் கலந்தோம். மாவு 300, நெய் 150, கணக்கு மறுபடி மாவில் பாதி நெய். பொட்டுக்கடலை வறுபட்டதுதான் என்பதால் பச்சை வாசனைக்குப் பயமில்லை. பிறகு ஆறவைத்துச் சர்க்கரை கலந்து பிடித்ததில் உருண்டைகள் நின்றன. தெரிந்து சாப்பிட்டால் மாலாடு வாசனை கொஞ்சம் தட்டுப்படும், தெரியாதவர்கள் கேட்கமாட்டார்கள்.

சரி, நன்றாக வறுத்து, நெய்யும் அளவாக ஊற்றி, சர்க்கரையும் கலந்த பிறகு உதிர்கிறது என்றால்? அநேகமாகக் கலவை ஆறிப்போயிருக்கும். ஃபேனுக்கு நேர் கீழே தாம்பாளத்தை வைத்திருந்தால் மேலே ஆறி வறண்டும் அடியில் சூடாகவும் இருக்கும். ஏசி ஓடும் ஹாலில் உட்கார்ந்து பிடித்தாலும் கடைசி நாலைந்து உருண்டைக்கு இந்தக் கதிதான். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அரை நிமிடம் அழுத்தி வைத்திருங்கள். கைச்சூட்டிலேயே சேர்ந்து வந்தால் வெறும் குளிர்ச்சிதான் காரணம். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் தாம்பாளத்தை வைத்து இரண்டு நிமிடம் கிளறினால் போதும். அப்போதும் சேரவில்லை என்றால்தான் நெய் குறை. வெதுவெதுப்பாக உருக்கி ஒரு தேக்கரண்டி ஊற்றிப் பிசைந்து, பார்த்து, அடுத்ததை ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் அடுத்த பிரச்சினைக்குப் போய்விடுவீர்கள்.

சர்க்கரை சரியாகப் பொடியாகாமல் இருந்தாலும் உருண்டையில் விரிசல் விடும். மிக்ஸியில் அரைத்ததும் சல்லடையில் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

பிடித்த உருண்டை தட்டையாக உட்கார்ந்துவிடுகிறது

இது சென்னைக்கே உரிய தொல்லை என்று சொல்லலாம். வட இந்தியாவில் குளிர்காலத்தில் இந்த லட்டைப் பிடித்து வைத்தால் நெய் உறைந்து உருண்டையைக் கெட்டியாக நிறுத்திவிடும். அங்கே மாவில் முக்கால் பங்கு வரைகூட நெய் ஊற்றுபவர்கள் உண்டு. அந்த அளவை மே மாதத்துச் சென்னையில் பின்பற்றினால் நெய் உறையவே உறையாது. 30 டிகிரியைத் தாண்டினாலே நெய் இளக ஆரம்பிக்கும், நம் சமையலறை அதற்கும் மேலே நிற்கும். அதனால்தான் இங்கே மாவில் பாதி அளவு நெய்யோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். கோடையில் 110 கிராமே போதும். மார்கழியில் தாராளமாக 125.

இன்னொரு காரணம் சூடு ஆறும் முன் சர்க்கரையைக் கொட்டுவது. சர்க்கரை போட்டதும் கலவை முன்பைவிட இளகிப் பளபளத்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். விரலை மாவுக்குள் விட்டால் சுடாமல், வெதுவெதுவென்று இருக்க வேண்டும். இதற்கு இறக்கியதிலிருந்து அரைமணி நேரமாவது ஆகும், கோடையில் இன்னும் கூட.

உட்கார்ந்த உருண்டைகளை உதிர்த்து ஒன்றாகச் சேர்த்து, ஃபிரிட்ஜில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்துக் கிளறிப் பிடித்துப் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்து கால் மணி நேரத்தில் மறுபடி சரிந்தால் நெய் அதிகம்தான். பொட்டுக்கடலைப் பொடியை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்க்க வேண்டும். பச்சைக் கடலை மாவைச் சேர்த்துச் சரி செய்யலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டு கரண்டி பச்சை மாவு மொத்த லட்டையும் கெடுக்கும்.

அண்ணத்தில் அப்பிக்கொள்கிறது

வறுத்தது போதாமல் இருக்கலாம், மாவு ரொம்ப நைசாக இருக்கலாம். பாக்கெட் மாவு பஜ்ஜிக்கென்றே மாவாக அரைத்தது. லட்டுக்குக் கொஞ்சம் கொரகொரப்பு வேண்டும். சௌகார்பேட்டையில் வட இந்திய மளிகைக் கடைகளில் லட்டுக்கென்று கேட்டால் மோட்டா பேசன் என்று தருவார்கள். இல்லையென்றால் கடலைப்பருப்பை வெயிலில் காயவைத்து, தெரு முனை மாவு மில்லில் நைஸ் ரவை பதத்துக்கு அரைத்து வாங்கலாம். மிளகாய் அரைத்த மெஷினில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நேரமில்லை என்றால் 250 கிராம் பாக்கெட் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை ரவையை நெய்யில் முதலில் போட்டு, அது பொரிந்ததும் மாவைச் சேர்த்து வறுங்கள். பஜ்ஜி போண்டா மிக்ஸ் என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம், அதில் உப்பு, காரம், அரிசி மாவு எல்லாம் இருக்கும்.

சர்க்கரை கலந்த பிறகு பச்சை வாசனை தெரிகிறது

லட்டாக இதைக் காப்பாற்ற முடியாது. அல்வாவாக மாற்றலாம். கடாயில் காய்ச்சிய பாலை ஊற்றி, கொதி வந்ததும் கலவையை உதிர்த்துப் போட்டு, சிறு தீயில் கெட்டியாகும் வரை கிளறினால் பாலில் வெந்து பச்சை வாசனை பெருமளவு போய்விடும். இந்த அளவுக்கு இரண்டு கப் பால் சரியாக இருக்கும். சூடாகச் சாப்பிட நன்றாகவே இருக்கும்.

கசக்கிறது, கரும்புள்ளிகள் தெரிகின்றன

கசந்தால் கருகிவிட்டது. அதற்கு வைத்தியம் இல்லை, சர்க்கரையைக் கூட்டினாலும் கசப்பு பின்னால் வந்து நிற்கும். சர்க்கரையை வீணாக்காமல் அந்த மாவை மட்டும் கொட்டிவிடுங்கள்.

புள்ளிகள் மட்டும் இருந்து கசப்பு இல்லையென்றால் நெய்யைப் பாருங்கள். வீட்டில் வெண்ணெய் காய்ச்சி எடுத்த நெய்யில் அடியில் கசண்டு இருக்கும், முருங்கைக்கீரை போட்டிருந்தால் அதன் துணுக்கும் இருக்கும். அரைமணி நேரம் வறுபடும்போது அவை கருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். வடிகட்டி ஊற்றினால் தீர்ந்தது. மாவில் பாதி சிவந்தும் பாதி மஞ்சளாகவும் இருந்தால் கடாய் மெல்லியது, அல்லது தீ அதிகம். கரண்டியை அடியோடு சுரண்டி, ஓரங்களையும் சேர்த்துக் கிளற வேண்டும். மாவு கருகுவது எப்போதும் நடு அடியில்தான்.

நாட்டுச்சர்க்கரை போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் நிறத்தில் வறுத்தது குறைவா கூடுதலா என்பதே தெரியாமல் போய்விடும். அதில் ஈரமும் உண்டு, உருண்டை கொஞ்சம் பிசுபிசுக்கும். நிறத்தை வெள்ளைத் தட்டில் உறுதி செய்த பிறகே அதைக் கலக்கவும்.

அன்று நன்றாக இருந்தது, மறுநாள் உடைகிறது

ஃபிரிட்ஜில் வைத்திருப்பீர்கள். குளிரில் நெய் இறுகி, கடித்தால் லட்டு இரண்டாகப் பிளந்து பொடியாகும். வெளியே எடுத்து அரைமணி நேரம் வைத்தால் பழைய பதத்துக்கு வரும். ஈரம் முழுதாகப் போன மாவில் செய்த லட்டு, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில், ஈரக்கை படாமல், வெளியிலேயே பத்து நாள் தாராளமாக இருக்கும். கோடையில் மட்டும் டப்பா நிறைய ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், அடியில் இருப்பவை நசுங்கும். நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்து இரண்டு வரிசையோடு நிறுத்துங்கள். ஊருக்கு பஸ்ஸில் கொண்டுபோவதாக இருந்தால் இரவு வண்டிதான் நல்லது.